'வந்து'வை எங்கே வெட்டுவது?

தமிழில் யாரைப் பேட்டி கண்டாலும் ஒரு சொல் விடாமல் கூடவே வரும். "நான் வந்து...", "அது வந்து...", "எங்க ஊர்ல வந்து..." இவற்றில் எந்த 'வந்து'வும் எங்கிருந்தும் வரவில்லை. அடுத்த சொல்லைத் தேட மூளை கேட்கும் அவகாசம் அது. நேரில் பேசும்போது காது அதைக் கண்டுகொள்வதில்லை. பதிவு செய்து திரையில் போட்டால் ஒவ்வொன்றும் உறுத்துகிறது. அதனால் எடிட்டர் முதலில் கை வைப்பது இதில்தான்.

எடுத்துவிடுவது சுலபம். எடுத்த இடம் தெரியாமல் செய்வதுதான் வேலை.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவரின் பேட்டி 50 நிமிடம் ஓடுகிறது, அதை 8 நிமிடமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 நிமிடத்தையும் முதலிலிருந்து ஓடவிட்டு 'வந்து', 'ஆ...', 'என்னன்னா' எல்லாவற்றையும் பொறுக்கத் தொடங்குவது புதியவர்கள் செய்யும் தவறு. அந்த உழைப்பில் பெரும்பகுதி, பின்னால் தூக்கி எறியப்போகும் பதில்களுக்குச் செலவாகிவிடும். எந்தெந்தப் பதில்கள் வேண்டும் என்று முடிவு செய்து, பேட்டியைப் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்த பிறகே களையெடுப்பில் இறங்க வேண்டும்.

அப்படி மிஞ்சிய ஒரு பதில் இது: "எங்கப்பா வந்து, ஆ... காலையில நாலு மணிக்கே வந்து தறியில உக்காந்துடுவாரு. நாங்க வந்து, என்னன்னா, எந்திரிச்சா மொதல்ல தறிச் சத்தம்தான் கேக்கும்."

இதில் மூன்று 'வந்து' இருக்கின்றன. நடுவில் வருவது வினை. அப்பா உண்மையிலேயே வந்து உட்காருகிறார். எழுத்தாக்கிய பேட்டியில் 'வந்து' என்று தேடி மொத்தமாக நீக்குபவர் அதையும் சேர்த்து இழந்துவிடுவார். எனவே வெட்டுவதற்கு முன் வாக்கியத்தை ஒருமுறை காதால் கேட்டே ஆக வேண்டும்.

முதல் 'வந்து'வை எடுக்கலாம். அதற்குப் பிறகு வரும் சொல் 'காலையில'. க, த, ப போன்ற வல்லின ஒலிகளுக்கு முன் வாய் ஒரு கணம் முழுதாக அடைபடும். அந்தக் கணத்தில் ஒலி அநேகமாக இல்லை. டைம்லைனில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், க வெடிப்பதற்குச் சற்று முன் ஒரு தட்டையான கோடு தெரியும். கத்தி விழ வேண்டிய இடம் அது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. அந்த அடைப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். அதனால் ஒலியை ஃபிரேமை விட நுணுக்கமாக நகர்த்தும் வசதியை மென்பொருளில் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மறுமுனையில் 'எங்கப்பா'வின் ஆகாரம் அப்படியே வகரத்துக்குள் வழுக்கிப் போகிறது. உதடு வகரத்துக்குத் தயாராவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, 10 அல்லது 20 மில்லிநொடிக்கு ஒலியை மங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் 'டிக்' என்றொரு சத்தம் கேட்கும்.

இனி மூச்சு. 'ஆ...'வுக்குப் பிறகு அவர் மூச்சை இழுத்திருக்கிறார். அதையும் குப்பை என்று எடுத்தால் 'எங்கப்பாகாலையில' என்று சொற்கள் முட்டிக்கொள்ளும். மூச்சை முழுதாக வைக்க வேண்டும், அல்லது முழுதாக எடுக்க வேண்டும். பாதியில் நறுக்கிய மூச்சு விக்கல் போலக் கேட்கும். இடைச்சொல் போனபின் இரண்டு மூச்சுகள் அடுத்தடுத்து நின்றாலும் கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும், மனிதர் யாரும் அப்படி இரண்டு முறை இழுப்பதில்லை. எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கும் அவரிடமே அளவு இருக்கிறது. வெட்டாத வாக்கியத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் அவர் எவ்வளவு நிறுத்துகிறாரோ அவ்வளவு.

மூன்றாவது 'வந்து' கதை வேறு. "நாங்க வந்து, என்னன்னா, எந்திரிச்சா" என்பதில் 'என்னன்னா'வும் 'எந்திரிச்சா'வும் உயிரெழுத்தில் ஒட்டி, நடுவே ஒரு யகரம் முளைத்து, ஒரே இழுப்பாக வருகின்றன. வாய் எங்கும் அடைபடவில்லை. எங்கே வெட்டினாலும் வெட்டு கேட்கும். இதை விட்டுவிடுவதுதான் சரி. நாலு இடைச்சொல்லில் ஒன்று மிஞ்சினால் அவர் பேசுவது போலவே இருக்கும். எல்லாவற்றையும் துடைத்தால் செய்தி வாசிப்பது போலாகிவிடும்.

ஒலி சரியானபின் படம். இரண்டு நொடி காணாமல் போனதால் குனிந்திருந்த தலை சட்டென்று நிமிர்கிறது. இதைத்தான் ஜம்ப் கட் என்கிறார்கள். 1960-ல் வெளியான 'பிரெத்லெஸ்' படத்தில் கோதார் இந்தத் துள்ளலை மறைக்காமலே விட்டார். அங்கே அது பாணி. நிதானமாகப் பேசும் ஒரு முதியவரின் நினைவில் அது இடறல்.

நெசவாளருக்கு வழி அவர் வீட்டிலேயே இருக்கிறது. நாடா ஓடும் ஷாட், பாவு நூலைத் தடவும் விரல்கள். வெட்டுக்கு அரை நொடி முன்பே அந்தப் படம் வர வேண்டும், மூன்று நான்கு நொடி நிற்க வேண்டும். வெட்டை மட்டும் மூடும்படி ஒரு நொடிக்கு வைத்தால், ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும். துணைப்படம் இல்லையா? 4கே-யில் எடுத்து ஹெச்டி-யில் வெளியிடுபவர் வெட்டுக்குப் பின் முகத்தைப் பெரிதாக்கலாம். அப்போது தயங்காமல் 125 சதவீதம் வரை போக வேண்டும். 105 சதவீதம் என்றால் கேமரா ஆடியதாகவே தோன்றும். இரு படங்களையும் தானாக உருக்கி இணைக்கும் 'மார்ஃப் கட்' வசதி 2015 முதல் பிரீமியர் புரோவில் உண்டு. தலையும் பின்னணியும் அசையாத ஷாட்டில் அது நன்றாக உதவும். கை வீசிப் பேசுபவரிடம் விரல்கள் ஆவி போலக் கரையும்.

வெட்டுமிடத்தைத் தேர்வதிலும் ஒரு குறிப்பு உண்டு. 1974-ல் வந்த 'தி கான்வர்சேஷன்' படத்தைத் தொகுத்த வால்டர் மர்ச், தான் வெட்ட நினைத்த இடத்துக்கு மிக அருகிலேயே நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டுவதைத் திரும்பத் திரும்பக் கவனித்தார். எண்ணம் ஒன்று முடியும் இடத்தில் கண் மூடுகிறது என்பது அவர் கருத்து. நெசவாளர் சிமிட்டும் இடத்திலோ தலை திருப்பும் இடத்திலோ வெட்டினால் துள்ளல் பாதி குறைந்துவிடும்.

ஆனால் எல்லா நிறுத்தமும் நிரப்பல் அல்ல. "தறியை ஏன் வித்தீங்க?" என்ற கேள்விக்கு அவர் நாலு நொடி பேசாமலிருந்து, "அது வந்து..." என்று தொடங்கினால், அந்த மௌனமும் அந்த 'வந்து'வும் பதிலின் பகுதி. அவற்றை எடுத்தால், யோசிக்காமல் சட்டென்று பதில் சொன்னவராக அவர் மாறிவிடுவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியில் வேலையைச் சோதிக்க, ஒருமுறை கண்ணை மூடிக் கேட்க வேண்டும், ஒருமுறை ஒலியை அணைத்துப் பார்க்க வேண்டும். கண் மூடிக் கேட்கும்போது பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது குரல் அல்ல, பின்னணி. மின்விசிறியின் இரைச்சல் சீரானது, அதைச் சமாளிக்கலாம். பக்கத்து அறையில் ஓடும் தறிக்குத் தாளம் இருக்கிறது. வெட்டு ஒவ்வொன்றிலும் அந்தத் தாளம் தப்பும். அதை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. எனவே பேட்டி எடுக்கப் போகிறவர்கள் தறியைச் சற்று நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் எல்லோரையும் 30 நொடி பேசாமல் இருக்கவைத்து, அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள். வெட்டிய இடங்களை இட்டு நிரப்ப அது வேண்டியிருக்கும்.