முழங்கால் தேய்மானம்: நாற்காலியில் தொடங்கும் வைத்தியம்

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா? முழங்கால் வலி என்று வருகிறவரிடம் எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. உடற்பயிற்சியை எங்கே தொடங்குவது, ஊசி தேவையா, மூட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்ற மூன்றுக்குமே பதிலின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

உதாரணத்துக்கு ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 61. உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் வலி, வலது காலில் கூடுதல். காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் கால் மடங்க மறுக்கிறது; நாலு எட்டு நடந்தால் இளகிவிடுகிறது. பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்தவர், “சவ்வு தேஞ்சுபோச்சும்மா, மூணாவது கட்டம்” என்று சொல்லிவிட்டார். “இனிமே நடக்காதீங்க, இன்னும் தேயும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மா நடையை நிறுத்தினார். மூன்று மாதத்தில் எடையும் கூடியது, வலியும் கூடியது.

‘தேய்மானம்’ என்ற சொல்தான் பலரையும் இப்படி முடக்கிப் போடுகிறது. செருப்பின் அடி நடக்க நடக்கத் தேயும். முழங்கால் அப்படியல்ல, அது உயிருள்ள உறுப்பு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, சுற்றியிருக்கும் மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. நடக்காத மூட்டுக்கு அந்த ஊட்டம் குறைகிறது. குருத்தெலும்புக்கு வலி நரம்பும் கிடையாது. வலி வருவது அடியிலுள்ள எலும்பிலிருந்தும், வீங்கிய மூட்டு உறையிலிருந்தும், பலமிழந்த தசைகள் தாங்காமல் விட்ட சுமையிலிருந்தும்தான். அதனால்தான் எக்ஸ்ரேயில் நாலாவது கட்டத்தில் இருக்கும் ஒருவர் சந்தைக்கு நடந்து போய் வருகிறார். இரண்டாவது கட்டத்தில் இருப்பவர் மாடி ஏற முடியாமல் நிற்கிறார். எக்ஸ்ரேயை நின்றுகொண்டு எடுக்க வேண்டும். படுத்து எடுத்த படத்தில் எலும்புகளின் இடைவெளி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

இனி பயிற்சிக்கு வருவோம். நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். அம்மாவால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். பாதங்கள் சற்று அகன்று தரையில் பதிந்திருக்கட்டும். உடம்பை முன்னால் சாய்த்து எழுந்து, பிறகு மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். பலன் பெரும்பாலும் இந்த மெதுவாக உட்காருவதில்தான் இருக்கிறது; பொத்தென்று விழுந்தால் தொடைத் தசைக்கு வேலையே இல்லை. முதல் வாரம் ஐந்து முறை போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, பத்துப் பத்தாக மூன்று சுற்று வரை ஏற்றலாம். அது சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிட வேண்டும். இதோடு, படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழே அழுத்தி ஐந்து நொடி பிடிப்பது, காலை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது இரண்டும் சேர்ந்தால் ஆரம்பத்துக்கு நிறைவு.

செய்யும்போது வலிக்குமா? வலிக்கும். பத்துக்கு ஐந்து வரையிலான வலி இருக்கலாம். மறுநாளைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, மூட்டு வீங்குகிறது என்றால் அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பலர் பத்து நாள் பிசியோதெரபிக்குப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு, “எல்லாம் பார்த்தாச்சு, கேக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். தசை வளரும் கால அளவு பத்து நாளில் அடங்குவதில்லை. அமெரிக்காவில் 156 பேரிடம் பிசியோதெரபியையும் ஸ்டெராய்டு ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. ஒரு வருடக் கடைசியில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கே வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன.

அடுத்தது எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. அம்மா தன் எடையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது எட்டுக் கிலோவைக் குறைத்தால், எட்டுக்கு எட்டு 32 கிலோ சுமை இறங்கும். எந்த மாத்திரையும் இதைச் செய்யாது. எங்கே தொடங்குவது? நாளைக்கு நாலு காபி, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 150 கலோரிக்குப் பக்கம். மதியத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டு, சுண்டல், முட்டை, மீன் வரட்டும். பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்போடு தொடைத் தசையும் கரையும். முழங்காலுக்கு அது நஷ்டம். எடை குறைக்கும் செமாகுளூட்டைட் ஊசியைப் பருமனோடு முழங்கால் தேய்மானமும் உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு 2024-இல் வந்தது. எடை சுமார் 14 சதவீதம் குறைந்தது, வலியும் தெளிவாகக் குறைந்தது. விலையும் பக்க விளைவுகளும் உண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது.

பயிற்சி செய்ய முடியாத அளவு வலி இருந்தால் முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முழங்காலில் தடவிப் பார்க்கலாம். மாத்திரையாக எடுத்தால் சில நாளோடு நிறுத்த வேண்டும். கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை உள்ளவருக்கு இந்த ஆபத்து இரட்டிப்புக் கவனத்துக்குரியது. ஒரு கைத்தடியும் நல்ல மருந்துதான். வலது முழங்கால் வலித்தால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

இப்போது ஊசிகள். ஸ்டெராய்டு ஊசிக்கு ஓர் இடம் உண்டு. மூட்டு திடீரென்று வீங்கி, வலியில் காலை ஊன்றவே முடியாதபோது, முட்டிச் சில்லின் பக்கவாட்டில் ஊசியைச் செலுத்தி, தேங்கிய நீரை எடுத்துவிட்டு மருந்தைப் போடுவார்கள். சில வாரம் வலி தணியும். அந்தச் சில வாரத்தைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்தினால்தான் ஊசி போட்டதற்கு அர்த்தம். அதையே வாடிக்கையாக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் ஸ்டெராய்டு போட்டவர்களை, வெறும் உப்பு நீர் போட்டவர்களோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளியானது. வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டெராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட்ட சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று அறுவை செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடும்.

‘ஜெல் ஊசி’ எனப்படும் ஹயலுரானிக் அமிலத்தின் பலன் சராசரியாக மிகச் சிறியது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்பு நீரோடு ஒப்பிட்டார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, ஒரு வருடக் கடைசியில் வலியிலும் குருத்தெலும்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. “எனக்குக் கேட்டுதே” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. உப்பு நீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்தது. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. தேய்ந்த மூட்டில் துளை போட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பியும் இப்படித்தான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். உண்மையான அறுவை அதைவிட மேலான பலன் தரவில்லை என்று 2002-இல் தெரிந்தது.

அப்படியானால் மூட்டை எப்போது மாற்றுவது? மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, வலி வாழ்க்கையைப் பிடித்து நிறுத்துகிறது: ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது, தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு முறை நிற்க வைக்கிறது. இரண்டு, பயிற்சியும் எடைக் குறைப்பும் மூன்றிலிருந்து ஆறு மாதம் உண்மையாகவே செய்யப்பட்டிருக்கின்றன. மூன்று, நின்றெடுத்த எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுகிறது. எக்ஸ்ரே மட்டும் மோசம் என்பது காரணமாகாது. படத்தில் தேய்மானம் குறைவாக இருக்கும்போதே மாற்றிக்கொண்டவர்கள்தான் பின்னால் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள். அதே நேரம் வரம்பில்லாமல் தள்ளிப்போடுவதும் தவறு. கால் வில்லாக வளைந்து, முழங்கால் நீட்ட முடியாமல் மடங்கியே நின்று, தொடை சூம்பிய பிறகு செய்தால் பலன் குறைகிறது.

டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல தராசு. எல்லோரும் அறுவைக்குத் தகுதியானவர்கள். ஒரு பாதிப் பேர் மூட்டை மாற்றிக்கொண்டு பயிற்சியும் செய்தார்கள். மறுபாதி பயிற்சி, எடைக் குறைப்பு முதலியவற்றை மட்டும் செய்தார்கள். ஒரு வருடத்தில் அறுவை செய்தவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ரத்தக்கட்டு, மூட்டு இறுகிப்போவது போன்ற கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். மறுபாதியில் நாலில் ஒருவர்தான் அந்த வருடத்துக்குள் அறுவைக்குப் போனார்.

செயற்கை மூட்டு நீடிக்கிறது; பத்தில் எட்டு 25 வருடம் தாங்குகிறது. எழுபது வயதுக்கு மேல் செய்பவருக்கு மறு அறுவை வாழ்நாளில் அபூர்வம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு அது தேவைப்படலாம். ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சம்மணம் போடுவது, குந்தி உட்காருவது இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியிருக்கும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் தேவை. 2017 முதல் செயற்கை முழங்காலின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அது உபகரணத்துக்கு மட்டும்தான். மருத்துவமனைக் கட்டணத்தைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் உதாரண அம்மாவுக்கு வருவோம். எட்டு வாரத்தில் தலையணை இல்லாமல் பத்து முறை எழுந்து உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் 70 கிலோவுக்கு வந்தார். பஸ் படி பயமாக இல்லை. நாலு வருடம் அப்படிப் போனது. பிறகு வலது கால் வெளிப்பக்கம் வளையத் தொடங்கியது, ராத்திரி வலி எழுப்பியது, பயிற்சியைக் கூட்டியும் இறங்கவில்லை. இப்போது நேரம் வந்துவிட்டது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல்லையும் காலிலிருந்த சேற்றுப்புண்ணையும் முதலில் சரிசெய்து, வலது மூட்டை மட்டும் மாற்றிக்கொண்டார். மறுநாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். நாலு வருடம் நாற்காலியில் சேர்த்த தொடைப் பலம்தான் அன்று அவரைத் தூக்கி நிறுத்தியது. இடது காலில் இன்னும் அவருடைய சொந்த மூட்டுதான் இருக்கிறது. அதற்காக அதே நாற்காலியில் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுந்து உட்காருகிறார்.