தண்ணீர் போய் மெழுகு வரும் வரை

மார்பில் இருந்த நெல்லிக்காய் அளவுக் கட்டியை எடுத்தாகிவிட்டது, ஆனால் முடிவு வர மூன்று நாளாகும் என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கோபம்தான் வரும். மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கப் பெரும்பாலும் சில நிமிடங்கள் போதும். மீதிப் பொழுதில் பெரும்பகுதி, சதையிலுள்ள தண்ணீரை வெளியேற்றி அந்த இடத்தில் மெழுகை நிரப்புவதில் போகிறது. உயிரணுக்களைப் பார்க்க வேண்டுமானால் சதையை மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெத்தென்ற சதை அப்படிச் சீவ வராது. உள்ளே மெழுகு ஏறி இறுகினால் வரும்.

கட்டியை முதலில் 10% ஃபார்மலினில் போடுவார்கள். அழுகாமல், உருக்குலையாமல் காப்பது அதன் வேலை. சதையைப் போல குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். அது மெதுவாகத்தான் உள்ளே இறங்கும் என்பதால், முழுக் கட்டியை அப்படியே மிதக்கவிட்டால் நடுப்பகுதி கெட்டுப்போகும். அதனால்தான் குறுக்கே வெட்டித் திறந்துவிடுகிறார்கள். பிறகு, பார்க்க வேண்டிய பகுதிகளை மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் எடுத்து, துளைகள் உள்ள சிறு கேசட்டில் எண்ணெழுதி அடைக்கிறார்கள்.

இனிதான் சிக்கல். தண்ணீரும் மெழுகும் ஒன்றோடொன்று சேராது. எனவே படிப்படியாக மாற்ற வேண்டும். 70% ஆல்கஹாலில் தொடங்கி 95%, கடைசியில் தண்ணீரே கலக்காத ஆல்கஹால் என்று ஏற்றிக்கொண்டே போனால் தண்ணீர் வெளியேறும். ஆல்கஹாலும் மெழுகோடு சேராது. இரண்டோடும் சேரும் சைலீன் இடையில் வந்து ஆல்கஹாலை வெளியேற்றும். அதன்பின் அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிய மெழுகு, சைலீனின் இடத்தைப் பிடிக்கும். பல ஆய்வகங்களில் இதை இரவில் இயந்திரமே செய்துவிடுகிறது. இயந்திரம் செய்கிறதே என்று யாரும் ஆல்கஹாலை மாற்றாமல் விட்டால், வினை அங்கேதான் தொடங்கும்.

நம் நெல்லிக்காய்க் கட்டியையே எடுத்துக்கொள்வோம். மார்புச் சதையில் கொழுப்பு அதிகம். கொழுப்பில் ஃபார்மலினும் ஆல்கஹாலும் எளிதில் இறங்கா. அவசரத்தில் யாரோ அதை ஆறு மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிவிட்டார் என்று வையுங்கள். ஓரம் ஒழுங்காக மெழுகேறும், நடுவில் தண்ணீர் தங்கும். சைலீனில் இருக்கும்போதே இது தெரியும்: மற்ற துண்டுகள் கண்ணாடி போலத் தெளிய, இது மட்டும் நடுவில் வெள்ளையாக நிற்கும். சைலீன் பால் போலக் கலங்கினாலும் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் பிளாக் ஆக்கினால், மைக்ரோடோமில் சீவும்போது ரிப்பனாக வர வேண்டியது நடுவில் ஓட்டையோடு உதிரும். கத்தி மொண்ணை என்று கத்தியை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பிளாக்கில் நகத்தால் லேசாக அழுத்தினால் உண்மை புரியும்: சதை கொழகொழவென்று உள்வாங்கும். அப்போது மெழுகை உருக்கி, சைலீன் வழியாகத் தண்ணீரில்லாத ஆல்கஹாலுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி வரவேண்டும். பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், ஒரு நாள் போகும்.

சீவிய ரிப்பனை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் எடுப்பார்கள். இப்போது வந்த வழியே திரும்ப வேண்டும், ஏனென்றால் சாயம் நீரில் கரைந்திருக்கிறது. சைலீன் மெழுகைக் கரைக்க, ஆல்கஹால் சைலீனை நீக்க, கடைசியில் தண்ணீர். மெழுகு மிச்சமிருந்த இடம் சாயம் பிடிக்காமல் திட்டாக நிற்கும்.

முதல் சாயம் ஹீமடாக்சிலின். மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்துக் கட்டையிலிருந்து கிடைப்பது. படிகாரம் சேர்ந்தால்தான் உட்கருவைப் பற்றும். ஹாரிஸ் முறையில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்துக் கழுவி, அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஓரிரு முறை முக்கி, மிகுதிச் சாயத்தை நீக்குவார்கள். இந்த இடத்தில் கை தாமதித்தால் உட்கரு வெளுத்துவிடும். அமிலத்தில் சாயம் செம்மையாகத்தான் இருக்கும். லேசான காரத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் நின்றால் நீலமாகும். தண்ணீர் அப்படி இல்லாத ஊரில் சில துளி அம்மோனியா கலந்த நீரைப் பயன்படுத்துவார்கள். உட்கரு இன்னும் செம்பழுப்பாக இருந்தால் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பிறகு இயோசின் ஓரிரு நிமிடம். உட்கருவைச் சுற்றியுள்ளவை இளஞ்சிவப்பாகும். திரும்ப ஆல்கஹால், சைலீன், மேலே டிபிஎக்ஸ் பசையும் மூடு கண்ணாடியும். சைலீனில் ஸ்லைடு மங்கினால் மறுபடியும் அதே தண்ணீர்தான், ஆல்கஹாலுக்குத் திரும்பலாம்.

இத்தனை கவனமாகச் செய்தாலும் இந்த முறையில் ஒன்று தப்பாது. சைலீனும் ஆல்கஹாலும் கொழுப்பைக் கரைத்துவிடும். நம் ஸ்லைடில் கொழுப்பணுக்கள் வெற்று வட்டங்களாகத்தான் தெரியும். கொழுப்பையே பார்க்க வேண்டும் என்றால், சதையை ஆல்கஹாலுக்கு அனுப்பாமல் உறையவைத்துச் சீவி வேறு சாயம் ஏற்ற வேண்டும். அதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிளாக் ஆனபின் கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது.