நோட்டீஸ் காலத்தில் 16 நாள் குறைத்துக் கேட்பது எப்படி?

வேலையை விட்டு விலகுகின்ற பிள்ளைகள் எழுதும் இராஜினாமாக் கடிதங்களில் பல, இரண்டு வேறான விடயங்களை ஒரே வசனத்தில் போட்டுக் குழப்பி விடுகின்றன. ஒன்று, "நான் விலகுகிறேன்" என்ற அறிவித்தல். மற்றது, "என்னைச் சற்று முன்னதாக விடுங்கள்" என்ற வேண்டுகோள். முதலாவது ஊழியரின் உரிமை. அதற்கு முதலாளியின் சம்மதம் தேவையில்லை. இரண்டாவது முதலாளி மனம் வைத்தால் மட்டுமே கிடைப்பது. இந்த வேறுபாட்டை விளங்கிக் கொண்டால் கடிதம் தானாகவே சரியாக அமையும்.

எனது நண்பர் ஒருவரின் மகன் கொழும்பில் ஒரு துணி மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். அங்கே இருபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். அவர் சேர்ந்தது 2020 செப்டெம்பர் 10ஆம் திகதி. 2025 ஜூலையில் வேறோர் இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. புதிய இடத்தார் செப்டெம்பர் முதலாம் திகதியே வரச் சொன்னார்கள். தான் எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். அதில், "தாங்கள் அனுமதித்தால் ஓகஸ்ட் 31ஆம் திகதியுடன் விலக விரும்புகிறேன்" என்று இருந்தது.

அந்த வசனத்தில் நான் கண்ட முதற் குறை இதுதான். அனுமதித்தால் விலகுகிறேன் என்றால், அனுமதிக்காவிட்டால் என்ன? விலகுகிறாரா, இல்லையா? முதலாளி பதில் சொல்லாமலே வைத்துக் கொண்டால், நோட்டீஸ் கொடுத்ததாகவே இது கணக்கில் வராமல் போகலாம். ஒரு மாதம் கழித்து, "நீ கேட்டாய், நான் தரவில்லை, இனிப் புதிதாக நோட்டீஸ் கொடு" என்று சொல்ல இடமுண்டு.

ஆகவே நியமனக் கடிதத்தை எடுத்து வரச் சொன்னேன். அதில் நோட்டீஸ் வாசகம் இப்படி இருந்தது: எத்தரப்பும் இரண்டு மாத எழுத்து மூல அறிவித்தல் கொடுத்து, அல்லது அதற்கு ஈடாக இரண்டு மாதச் சம்பளத்தைச் செலுத்தி, சேவையை முடிக்கலாம். இந்த வாசகத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எழுத்து மூலம் என்பது. வாயால் சொன்னதும், வட்ஸ்அப்பில் அனுப்பியதும் பிறகு தகராறுக்கு வழி வைக்கும். இரண்டாவது, எத்தனை காலம் என்பது. மாதம் என்று இருந்தால் மாதமாகவும், நாள் என்று இருந்தால் நாளாகவும் எண்ண வேண்டும். மூன்றாவது, காலம் தொடங்குவது கடிதத்தில் போட்ட திகதியிலிருந்து அல்ல, அது முதலாளியின் கைக்குச் சேர்ந்த பிறகுதான். ஜூலை 31ஆம் திகதி கையில் கொடுத்து, பிரதியில் "பெற்றுக் கொண்டேன்" என்று ஒப்பமும் திகதியும் வாங்கினால், இரண்டு மாதம் ஓகஸ்ட் 1இல் தொடங்கி செப்டெம்பர் 30இல் முடியும்.

அடுத்ததாகத் தம்பியிடம் சேவைக்காலத்தை எண்ணச் சொன்னேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, அவர் தாமாக விலகினாலும், பணிக்கொடை கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்திற்கும் அரை மாதச் சம்பளம். கணக்குக்கு எடுப்பது கடைசியாகப் பெற்ற சம்பளத்தை. சேவை முடிந்து முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

தம்பியின் அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படியும் சேர்ந்து 90,000 ரூபா. அதில் பாதி 45,000. ஐந்து வருடத்திற்கு 2,25,000 ரூபா. அவரது ஐந்து வருடம் பூர்த்தியாவது 2025 செப்டெம்பர் 9ஆம் திகதி. அவர் கேட்டிருந்ததோ ஓகஸ்ட் 31. முதலாளி தாராளமாகச் சம்மதித்திருந்தால், ஒன்பது நாள் குறைந்ததால் அந்த முழுப் பணத்தின் உரிமையையும் தம்பி தானே கைவிட்டிருப்பார். முதலாளியை அதற்குக் குறை சொல்லவும் முடியாது. கேட்டது இவர்தானே!

எனவே தம்பி முதலில் புதிய இடத்தாரிடம் பேசி, செப்டெம்பர் 15ஆம் திகதி திங்கட்கிழமை சேர அனுமதி வாங்கினார். இனி விலக்குக் கேட்க வேண்டியது செப்டெம்பர் 15 முதல் 30 வரையான 16 நாளுக்கு மட்டும். ஐந்து வருடமும் பூர்த்தியாகிறது; கேட்பதும் முன்னதைவிடச் சிறியது. ஒரு மாதம் விடுவதற்குத் தயங்கும் முதலாளி, அரை மாதம் விடுவதற்கு இலகுவாக இணங்குவார்.

கடிதத்தைப் பின்வருமாறு அமைத்தோம்:

"எனது நியமனக் கடிதத்தின் அறிவித்தல் வாசகத்திற்கு அமைய, இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து எனது பதவியிலிருந்து இத்தால் விலகுகிறேன். இவ்வறிவித்தலின்படி எனது சேவையின் கடைசி நாள் 2025 செப்டெம்பர் 30 ஆகும்.

இதற்குப் புறம்பாக ஒரு வேண்டுகோள். செப்டெம்பர் 15 முதல் 30 வரையான 16 நாள்களுக்கு, ஈடாகப் பணம் செலுத்தாமல், எனக்கு விலக்களித்து, செப்டெம்பர் 14ஆம் திகதியுடன் என்னை விடுவிக்குமாறு கேட்டுக் கொள்கிறேன். அந்த நாள்களுக்குச் சம்பளம் கோர மாட்டேன். ஓகஸ்ட் மாதக் கணக்குகளையும், கடன்காரர் பட்டியலையும், காசோலைப் பதிவேட்டையும் செப்டெம்பர் 10ஆம் திகதிக்குள் ஒப்படைப்பேன். தங்கள் முடிவை எழுத்தில் அறியத் தரவும். விலக்கு அளிக்கப்படாவிடில் செப்டெம்பர் 30 வரை கடமையாற்றுவேன்."

"ஈடாகப் பணம் செலுத்தாமல்" என்ற சொற்கள் அவசியம். அவை இல்லாவிட்டால், "போகலாம், ஆனால் மிகுதி நாளுக்குப் பணம் கட்டு" என்று முதலாளி விளங்கிக் கொள்ளலாம். மாதத்தை முப்பது நாளாக எடுத்தால் 16 நாளுக்கு 48,000 ரூபா. கடைசி வசனமும் அப்படித்தான். அது பணிவுக்காக எழுதியதல்ல. விலக்குக் கிடைக்காவிட்டாலும் இராஜினாமா செல்லும், ஒப்பந்தமும் மீறப்படாது என்பதை அது காட்டுகிறது. நானும் ஆள்களை வைத்து வியாபாரம் செய்பவன். கடன்காரர் பட்டியல் எந்தத் திகதியில் யார் கையில் வரும் என்று எழுதிய கடிதத்தைப் பார்த்தால்தான், விடலாமா என்று யோசிக்க மனம் வரும்.

கடிதம் கொடுத்த பின் பலர் தவறுவது ஓரிடத்தில். பெரியவர் தலையை ஆட்டினார், சரி என்றுதான் நினைத்தேன் என்று சொல்லி வேலைக்குப் போவதை நிறுத்தி விடுவார்கள். மௌனம் சம்மதமாகாது. பதிலில் விலக்கு, பணம் இல்லை என்பது, கடைசி நாள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தம்பிக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. விலக்குத் தந்திருந்தார்கள், ஆனால் கடைசி நாள் எழுதப்படவில்லை. திரும்பப் போய், செப்டெம்பர் 14 என்று எழுதி வாங்கினார். சேவைக் கடிதத்திலும் அதே திகதி வந்ததால், பணிக்கொடைக் கணக்கில் ஐந்து வருடம் என்பதில் யாருக்கும் வாதமிருக்கவில்லை.

விலக்குக் கேட்க இருப்பவர்கள் பேனையைத் தொடுமுன் நியமனக் கடிதத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: நோட்டீஸ் வாசகம், சேர்ந்த திகதி. எத்தனை நாள் குறைத்துக் கேட்கலாம் என்பதை அந்த இரண்டும் சேர்ந்துதான் சொல்லும்.