180-இல் வேகாத கேக்

கனடாவில் வானிலைச் செய்தி செல்சியஸில்தான் வரும். ஆனால் டொரொன்டோவில் ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போய் ஓவனைத் தட்டினால் திரையில் பெரும்பாலும் பாரன்ஹீட்தான் ஒளிரும். கொழும்பிலிருந்து வந்த பட்டர் கேக் குறிப்பு, “180 பாகையில் முக்கால் மணி நேரம்” என்று சொல்லும். அந்த எண்ணை அப்படியே அழுத்தினால் ஓவன் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அங்குதான் வில்லங்கம். 180 பாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 82 செல்சியஸ். தண்ணீர்கூட கொதிக்காத சூடு. முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் வெண்ணெய் உருகி, ஓரம் லேசாக இறுகி, நடுவில் மாவு மாவாகவே இருக்கும்.

இதே தவறைத் திருப்பிச் செய்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். அமெரிக்கக் குறிப்பில் உள்ள 350-ஐ செல்சியஸ் ஓவனில் வைக்கப் போனால் குமிழ் வழக்கமாக 250 அளவிலேயே நின்றுவிடும். ஏதோ சரியில்லை என்று கை உணர்ந்துவிடும்.

மாற்றிக் கணக்கிட, பாரன்ஹீட்டில் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். மாவுக் கையோடு அதைச் செய்ய யாருக்குப் பொறுமை? பாரன்ஹீட் எண்ணைப் பாதியாக்கினால் போதும். 320 பாரன்ஹீட் சரியாக 160 செல்சியஸ்; கேக் வேகும் சூடுகளெல்லாம் அதன் அக்கம்பக்கத்தில்தான் இருப்பதால் பிழை சில பாகைகளைத் தாண்டாது. 350-க்குப் பாதி 175, உண்மையில் 177. 400-க்குப் பாதி 200, உண்மையில் 204. “30-ஐக் கழித்துப் பாதியாக்கு” என்று சிலர் சொல்லும் வழி வெயில் அளவுக்குச் சரி. ஓவனில் 350-ஐ 160 ஆக்கிக் கேக்கைக் கெடுத்துவிடும். ஆக, நம் பட்டர் கேக்குக்கு 180-ஐ இரட்டித்து 360 என்று எடுத்து, 350-இல் வைக்கலாம்.

சூடு தெரிந்துவிட்டது, அது எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்க ஓவன்களில் Bake, Broil என்று எழுத்தில் இருக்கும். ஐரோப்பிய வகை ஓவன்களில் சின்னச் சதுரங்களுக்குள் கோடுகள். அந்தச் சதுரத்தை ஓவனின் பெட்டியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்: கோடு எங்கே இருக்கிறதோ அங்கே கம்பி சூடாகிறது. மேலும் கீழும் ஒவ்வொரு கோடு என்றால் இரு பக்கச் சூடு. அந்த 180 பெரும்பாலும் இதற்காக எழுதப்பட்டதுதான். கேக்கை நடுத்தட்டில் வைக்க வேண்டும்.

கீழே மட்டும் கோடு என்றால் அடிச்சூடு மட்டும். பீட்சா, பழம் நிரப்பிய பை போன்றவற்றின் அடி ஈரமாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு இது உதவும். கேக்கை முழு நேரமும் இதில் வைத்தால் அடி கருகும், மேற்பரப்பு வெளிறியே கிடக்கும். மேலே பல் பல்லாக வளைந்த கோடு கிரில். அமெரிக்க ஓவனின் Broil இதுதான். சீஸ் உருகவும் கோழியின் தோல் முறுகவும் சில நிமிடங்கள் போதும், கண்ணை எடுக்கக்கூடாது.

விசிறிச் சின்னத்தில்தான் குழப்பம் அதிகம். வட்டத்துக்குள் விசிறி என்றால், விசிறியைச் சுற்றியே ஒரு சூட்டுக் கம்பி இருக்கிறது. சூடான காற்று எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி போகும். இரு கோடுகளுக்கு நடுவில் விசிறி என்றால் மேல், கீழ்க் கம்பிகளின் சூட்டை விசிறி கலக்கிவிடுகிறது. கோடும் இல்லை, வட்டமும் இல்லை, வெறும் விசிறி என்றால் பல ஓவன்களில் அது உறைந்ததை இளக்கும் நிலை. சூடே வராது! ஓவன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஓடும் காற்று சூட்டை வேகமாகக் கேக்கில் ஏற்றும். அதனால் விசிறியோடு சுடும்போது செல்சியஸில் 20, பாரன்ஹீட்டில் 25 குறைப்பது வழக்கம். நம் கேக்குக்கு 325. சில அமெரிக்க ஓவன்கள் இந்த 25-ஐத் தாமே குறைத்துக்கொள்ளும். நீங்கள் 350 அழுத்திய பிறகு திரை 325 காட்டினால் மறுபடி குறைக்காதீர்கள். மேலே வெடித்துக் கருத்து, ஈர்க்குச்சி குத்தினால் ஈரமாக வந்தால், விசிறிக்குச் சூட்டைக் குறைக்கவில்லையா என்று முதலில் பாருங்கள்.

பாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் வசதி பல ஓவன்களின் அமைப்புப் பட்டியலில் உண்டு. எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் இருக்கும். திரையில் F-க்குப் பின்னால் F3 என்பதுபோல் ஓர் எண் சேர்ந்து, பீப் சத்தமும் வந்தால் அது வெப்பநிலை அல்ல, பழுதுக் குறியீடு. மின்சாரத்தைத் துண்டித்துச் சில நிமிடம் கழித்துப் போட்டும் அது திரும்ப வந்தால், பழுது பார்ப்பவரைத்தான் கூப்பிட வேண்டும்.