மங்கலாக்கினால் மட்டும் மறைந்து விடுமா?

"உங்கள் பணம் இன்னும் வரவில்லையே!" என்று மண்டியிலிருந்து கேட்கிறார்கள். நாம் உடனே வங்கிக் கணக்குப் பக்கத்தைச் செல்போனில் படமாக்கி, பணம் போன வரியைக் காட்டி அனுப்பி விடுகிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், மேலே உள்ள கணக்கு எண்ணின் மீது விரலை ஓட்டிக் கட்டம் கட்டமாகக் கலைத்து விட்டு அனுப்புகிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் எண் உண்மையில் மறைந்து விட்டதா என்பதை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டம் கட்டமாகக் கலைக்கும்போது என்ன நடக்கிறது? அந்த இடத்தில் உள்ள கருப்பையும் வெள்ளையையும் கலந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரி நிறத்தைப் பூசுகிறது செல்போன். '1' என்ற எண்ணில் மை குறைவு. அதன் கட்டங்கள் வெளிறி இருக்கும். '8' என்ற எண்ணில் மை அதிகம். அதன் கட்டங்கள் கருத்திருக்கும். பொட்டலத்தைப் பிரிக்காமல் தராசில் வைத்தே உள்ளே என்ன சரக்கு என்று நாம் சொல்லி விடுவதில்லையா? அது போலத்தான் இதுவும்.

கணக்கு எண் 11 இலக்கம் என்று வைத்துக் கொள்வோம். திருட நினைப்பவன் எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அதே எழுத்து வடிவில் 0 முதல் 9 வரை எழுதி, அதே அளவுக் கட்டத்தில் கலைத்து, முதல் இலக்கத்துடன் ஒப்பிடுகிறான். பத்தில் ஒன்று பொருந்தும். பிறகு அடுத்த இலக்கம். ஆக மொத்தம் 110 ஒப்பீடுகள்தாம். கணினிக்கு அது நொடி வேலை. எழுத்து வடிவத்துக்கு அவன் எங்கும் தேடி அலைய வேண்டாம். அதே பக்கத்தில் தேதியும் தொகையும் மறைக்கப்படாமல் இருக்கின்றனவே, அவையே அவனுக்கு மாதிரி!

கட்டம் பெரிதாகி, ஒரே கட்டத்துக்குள் பல இலக்கங்கள் அடங்கி விட்டால் கண்டுபிடிப்பது கடினம்தான். புகை மூட்டம் போல மங்கலாக்கினால் பக்கத்து எண்ணின் மையும் கலந்து கொள்ளும். அவனுக்கு வேலை சற்றுக் கூடும். ஆனால் எவ்வளவு கலைத்தால் போதும் என்று கண்ணால் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. ஆகவே அந்த வழியையே விட்டு விடுவது நல்லது. கடவுச் சொல்லுக்கும் இதே கதிதான்.

அடுத்தது, பேனாவால் அடித்து மறைப்பது. செல்போனில் உள்ள கோடிடும் பேனா பல சமயம் மெல்லிய கண்ணாடித் தாள் போன்றது. நாலைந்து முறை தேய்த்தால் முழுக் கருப்பாகத் தோன்றும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, வெட்டி எடுப்பது. எண் உள்ள பகுதியையே வெட்டி விட்டால் கவலையில்லை என்று நினைப்போம். கூகுள் பிக்சல் செல்போன்களில் படம் திருத்தும் வசதியில் இருந்த ஒரு பிழை 2023 மார்ச்சில் வெளியாயிற்று. வெட்டிய படத்தை அது பழைய கோப்பின் மேலேயே எழுதியது. புதுப் படம் சிறியது என்பதால், பழைய படத்தின் மீதிப் பகுதி கோப்பின் வாலில் அப்படியே தங்கி விட்டது. அதிலிருந்து வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸ் 11 கணினியின் படம் வெட்டும் கருவியிலும் இதே குறை இருந்தது. இரண்டும் அப்போதே சரி செய்யப்பட்டன. ஆயினும் அதற்கு முன் அனுப்பிய படங்கள் பிறர் கையில் இருந்தால், அவை அப்படியேதான் இருக்கும்.

சரி, எப்படித்தான் மறைப்பது? பாஸ்புக், காசோலை போன்ற காகிதமானால், படம் எடுக்கும் முன்பே எண்ணின் மேல் தடித்த அட்டைத் துண்டை வைத்து விடுங்கள். படத்தில் ஏறாத எண்ணை எவராலும் எடுக்க முடியாது. மெல்லிய தாள் வேண்டாம். அதன் வழியே எழுத்து தெரியும்.

ஏற்கெனவே எடுத்த படமானால், ஒரே நிறத்தில் நிரப்பிய கருப்புச் செவ்வகத்தை எண்ணின் மேல் போடுங்கள். எண்ணின் நீளத்தை விடச் சற்று அகலமாகவே போட்டால், எத்தனை இலக்கம் என்பதும் தெரியாது. பிறகு அந்தப் படத்தைத் திரையில் வைத்து மீண்டும் ஒரு 'ஸ்கிரீன் ஷாட்' எடுத்து, அந்தப் புதுப் படத்தை மட்டும் அனுப்புங்கள். திரையில் தெரிந்தது மட்டுமே அதில் இருக்கும். பழைய கோப்பின் மிச்சம் எதுவும் ஒட்டி வராது. அனுப்பும் முன் வெளிச்சத்தை முழுதும் கூட்டி, பெரிதாக்கி ஒரு முறை பாருங்கள். அதே எண் பக்கத்தின் அடியிலோ, வேறு வரியிலோ மறுபடி அச்சாகி இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

கடவுச் சொல்லை மங்கலாக்கி முன்பே யாருக்காவது அனுப்பியிருந்தால், இன்றே அதை மாற்றி விடுங்கள். கணக்கு எண்ணை அப்படி மாற்ற முடியாது. அதைத் தெரிந்து கொண்ட ஒருவன், "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று நம் எண்ணைச் சரியாகச் சொல்லி நம்பிக்கை பெறக்கூடும். எண்ணைச் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக மட்டும், கல்லாவில் இருக்கும் பையனோ நாமோ ஓ.டி.பி.யைச் சொல்லி விடக் கூடாது.