வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்

வெளியூர் போய்ப் பதிவுசெய்து வந்த ஒரு மணி நேரப் பேட்டியைச் சீர்செய்ய நாள்கணக்கில் உட்கார வேண்டியிருந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் மைக் தள்ளி இருந்ததுதான். மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சலை மென்பொருளால் ஓரளவு குறைத்துவிடலாம். சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலியைக் குரலிலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு. பிரித்தாலும், பேசியவர் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசியதுபோல் கேட்கும்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? மைக்கை வாயிலிருந்து பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால், குரலின் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 60 செ.மீ. தள்ளி மேசைமேல் கிடக்கும் மைக்கை 15 செ.மீ. வரை நெருக்கினால் 12 டெசிபல். அந்த நேரத்தில் அறை முழுக்கப் பரவியிருக்கும் விசிறிச் சத்தமும் எதிரொலியும் ஏறவே ஏறாது. குரல் மட்டும் முன்னுக்கு வருகிறது. தள்ளி இருக்கும் மைக்கின் ஒலியளவைக் கருவியில் திருகி ஏற்றினால் இப்படி ஆகாது. குரலோடு விசிறியும் சேர்ந்தே ஏறும். எந்த விலையுயர்ந்த கருவியும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

காஞ்சிபுரத்தில் வயதான நெசவாளர் ஒருவரை அவர் வீட்டிலேயே பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கூடத்தில் குழித்தறி, வாசலுக்கு வெளியே தெரு, தலைக்கு மேல் விசிறி, உள்ளே துணிகளும் பாய்களும் அடுக்கிய ஒரு சிறிய அறை. தறிமேல் அவரை உட்காரவைத்து, நெய்தபடியே பேசச் சொல்லத்தான் நமக்கு ஆசையாக இருக்கும். படத்துக்கு அது அழகு. ஒலிக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. தறிச்சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. பேச்சில் ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்தால் பின்னால் அந்தத் தாளம் இடறும். வெட்டிய இடம் யார் காதுக்கும் தெரிந்துவிடும். எனவே தறி நின்றிருக்கும்போது பேச்சை எடுங்கள். முடிந்த பிறகு அவரை நெய்யச் சொல்லி, தறிச்சத்தத்தை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டிய இடத்தில் பேச்சுக்கு அடியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த அறையில் உட்காருவது என்பதைக் கைதட்டியே முடிவுசெய்யலாம். நடுவில் நின்று ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். ‘ணங்’ என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை வேண்டாம். சிமென்ட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள புதுக் கூடங்கள் பெரும்பாலும் இப்படித்தான். துணி அடுக்கிய அந்தச் சிறிய அறையில் தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும். அங்கேயே உட்காருங்கள். விசிறியையும் ஃபிரிட்ஜையும் அனுமதி கேட்டு நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம்; கிளம்பும்போது அதைத் திரும்பப் போட மறக்க மாட்டோம்.

அடுத்தது, யார் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது. பேட்டிக்குப் பலரும் வைத்திருக்கும் கைமைக், கார்டியாய்டு வகை. முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும். தனக்கு நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாகவே வாங்கும். பேசுபவர் தெருவாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், அவரைப் பார்க்கும் மைக் அவரோடு தெருவையும் பார்க்கிறது. இடத்தை மாற்றுங்கள். வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், துணி அடுக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

மைக்கை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மோவாய்க்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில் நிறுத்தி, வாயை நோக்கித் திருப்புங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சுக்காற்று மோதி ‘பொத்’தென்று விழும். காலர் மைக் என்றால் நெஞ்செலும்பின் நடுவில், மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். நம் ஊரில் இதற்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. சேலையின் தோள்பக்கத்தில் குத்தினால், அவர் முகத்தை மறுபக்கம் திருப்பும்போதெல்லாம் குரல் தேய்ந்து போகும். தாலிச் சங்கிலி மைக்கில் உரசும். பட்டும் மொடமொடப்பான பருத்தியும் அசைந்தாலே சரசரக்கும். சட்டை போடாமல் துண்டோடு இருப்பவருக்குக் குத்த இடமே இல்லை. துண்டில் குத்தினால் நழுவும். அங்கே சின்ன ஸ்டாண்டில் வைத்த கைமைக்தான் சரி. கைபேசியில் எடுப்பதாக இருந்தால், பெரும்பாலான கைபேசிகளுக்கு மைக் கீழ்விளிம்பில் இருப்பதால், அந்த விளிம்பை அவர் பக்கம் திருப்பி, மடித்த துண்டின்மேல் வைத்து, விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்.

கருவியின் அமைப்புகளில் முதலில் அணைக்க வேண்டியது தானியங்கி ஒலியளவை. பல கருவிகளில் AGC அல்லது Auto Level என்று இருக்கும். பேசுபவர் யோசிக்க நிறுத்தினால், ஒலி குறைந்துவிட்டதே என்று அது அளவை ஏற்றிவிடும். தூரத்துத் தெருச் சத்தம் மேலே எழும்பி வரும். அவர் மறுபடி தொடங்கியதும் அழுந்திப் போகும். இந்த ஏற்ற இறக்கம் உங்கள் பதிவில் இருக்கிறதா என்று அறிய, பேச்சைக் கேட்காதீர்கள். இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். சீராக இல்லாத இரைச்சலை மென்பொருளாலும் சரியாகக் கழிக்க முடியாது.

அளவை நீங்களே வைக்கும்போது, உரத்துப் பேசும் இடங்கள் மீட்டரில் -12 அருகே தொடட்டும். பூஜ்யம்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஒலியின் உச்சி மழுங்கிக் கரகரக்கும். அதற்கு மீட்பு இல்லை. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லச் சொல்லி அளவு பார்ப்பதில் பயனில்லை, எல்லோரும் அதை அடக்கமாகவே சொல்வார்கள். ‘முதல் முதலா முகூர்த்தப் புடவை நெஞ்சது எப்போ ஐயா?’ என்று கேட்டுப் பாருங்கள். குரல் எழும், சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு அளவை வையுங்கள்.

கோப்பு WAV, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று இருக்கட்டும். ஒரே மைக் என்றால் மணிக்குச் சுமார் 520 எம்.பி. ஆகும், இன்றைய மெமரி கார்டுக்கு அது ஒரு பாரமில்லை. 24 பிட்டில் அளவு கொஞ்சம் குறைந்துபோனாலும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் அளவைப் பற்றிய கவலை இன்னும் குறைவு. ஆனால் தள்ளி வைத்த மைக்கை அவற்றாலும் நெருக்கிவைக்க முடியாது. Low Cut இருந்தால் 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். லாரியின் அதிர்வு குறையும், குரலுக்குக் கேடில்லை.

பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்க வேண்டாம். எந்தத் திருகையும் தொடாமல், அரை நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்து அந்த அறையின் அமைதியைப் பதிவுசெய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் நிரப்ப அது வேண்டும். வெறும் நிசப்தத்தை அங்கே வைத்தால் பள்ளம் விழுந்ததுபோல் தெரியும். பேட்டியின்போது உங்கள் ‘ம்’, ‘ஆமாங்க’ எல்லாம் அவர் சொல்லின்மேல் விழுந்தால் அவற்றை நீக்க வழியில்லை. தலையை ஆட்டினாலே போதும், அவர் புரிந்துகொள்வார்.

இத்தனையும் சரியாக இருக்கிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். முதல் நிமிடத்தைப் பதிவுசெய்ததும், அவர் எதிரிலேயே அதை ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். உரசலோ எதிரொலியோ இருந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், இன்னொரு மைக் வாங்காதீர்கள். காதை முழுக்க மூடும் ஒரு ஹெட்போன் வாங்குங்கள்.