சாய்ந்த பலகையில் மாறும் சின்னம்

ஒரு நிறுவனம் தன் சின்னத்தை மாற்றிய நாளிலேயே அதன் கைவசம் உள்ள புகைப்படங்கள் எல்லாம் பழையனவாகிவிடுகின்றன. கோவையில் செய்யப்படும் வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் அதேதான். பாத்திரமும் கல்லும் மோட்டாரும் மாறவில்லை. படமும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த நல்ல படம். முன்பக்கப் பலகையில் இருக்கும் லோகோ மட்டும் மாற வேண்டும். நேருக்கு நேர் எடுத்த படமாக இருந்தால் பழையதை மூடிப் புதியதை ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் விற்பனைக்கான படங்களை யாரும் நேருக்கு நேர் எடுப்பதில்லை. முன்பக்கமும் பக்கவாட்டும் மேலே உள்ள பாத்திரமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதால் சற்றுச் சாய்ந்த கோணத்திலிருந்தே எடுப்பார்கள். அப்போது செவ்வகமான பலகை படத்தில் செவ்வகமாக இருப்பதில்லை. அருகில் இருக்கும் விளிம்பு உயரமாகவும் தொலைவில் இருக்கும் விளிம்பு குட்டையாகவும் விழுகின்றன. புதிய சின்னமும் அதே கணக்கில் ஒடுங்கியாக வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஒடுக்கத்தை யாரும் வரைந்து கொண்டுவரவில்லை. கேமராவே அதைச் செய்து கொடுத்தது. வெற்றுப் பலகை ஒன்றில் புதிய சின்னத்தை உண்மை அளவில் ஒட்டி, பழைய படம் எடுத்தபோது பலகை நின்ற அதே சாய்வில் நிறுத்தி, அதே தூரத்திலிருந்து படம் எடுப்பார்கள். தூரம்தான் முக்கியம். ஒரு பொருள் எவ்வளவு ஒடுங்கித் தெரிகிறது என்பதை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, கேமரா நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. லென்ஸை மாற்றினால் அளவு கூடும் அல்லது குறையும், ஒடுக்கம் அப்படியே இருக்கும். பலகை கிடைக்காதபோது இருட்டறையில் என்லார்ஜரின் கீழ் தாளைச் சாய்த்து வைத்து அச்சிடும் வழியும் இருந்தது. லென்ஸிலிருந்து தள்ளியிருக்கும் பக்கத்தில் பிம்பம் பெரிதாக விழும், கிட்டே இருக்கும் பக்கத்தில் சிறிதாக விழும். ஆனால் தள்ளியிருக்கும் பக்கத்துக்கு ஒளியும் குறைவாகவே போய்ச் சேரும். ஆகவே கிட்டே இருக்கும் பக்கத்தைக் கையால் மறைத்து மறைத்து இரண்டையும் சமன் செய்ய வேண்டும். தாள் முழுதும் கூர்மையாக விழ லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கவும் வேண்டும்.

இப்படிக் கிடைத்த ப்ரோமைடு அச்சிலிருந்து சின்னத்தை வெட்டி எடுப்பது தனி வேலை. பிளேடு தாளின் மேற்பூச்சை மட்டும் கீற வேண்டும், அடிவரை இறங்கக் கூடாது. பிறகு தாளைப் பின்பக்கமாகக் கிழித்து, விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் பின்னாலிருந்து தேய்த்துத் தேய்த்துச் சன்னமாக்குவார்கள். விளிம்பு தடித்திருந்தால் மறுபடி படமெடுக்கும்போது அது ஒரு நிழற்கோடாக விழுந்து ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிய ஓரத்தின் வெண்மையைச் சாம்பல் நிறப் பென்சிலால் மறைத்து, ரப்பர் சொல்யூஷனால் மூலப்படத்தின் மேல் ஒட்டி, சேருமிடத்தில் ஏர்பிரஷ்ஷால் வண்ணத்தை மெல்லத் தூவி, முழுவதையும் திரும்பப் படமெடுத்துப் புதிய நெகட்டிவ் உண்டாக்குவார்கள். இப்படிப் படத்தைப் படமெடுக்கும் ஒவ்வொரு முறையும் கறுப்பு மேலும் கறுக்கும், வெள்ளை மேலும் வெளுக்கும், இடையில் இருந்த சாம்பல்கள் குறையும். இரண்டாவது முறை சின்னம் மாறினால் முதல் ஒட்டின் மேல் ஒட்டுவதில்லை. மூல நெகட்டிவிலிருந்து புதிய அச்சு போட்டுத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

1990இல் போட்டோஷாப் வந்தது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் லேயர்கள் சேர்ந்தன, படத்தின் மேல் சின்னத்தைத் தனித் தாள்போல் வைத்து நகர்த்த முடிந்தது. 2005இல் Smart Object என்ற வசதியும், சாய்ந்த பரப்பை நான்கு மூலைகளால் குறித்து அதற்குள்ளேயே ஒட்டவும் தீட்டவும் உதவும் Vanishing Point கருவியும் வந்தன. இருட்டறையில் அரை நாள் எடுத்த ஒடுக்கம் இன்று நான்கு மூலைகளைப் பிடித்து இழுப்பதில் முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த நான்கு மூலைகள் என்பதில்தான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன.

பழைய சின்னத்தின் நான்கு மூலைகளை அடையாளம் வைத்துப் புதியதை அதற்குள் இழுத்துப் பொருத்துவது பலரும் செய்வது. இரண்டின் நீள அகல விகிதமும் ஒன்றாக இருந்தால் ஒழிய இது தவறாகிவிடும், எழுத்துகள் அகன்றோ நெருங்கியோ விழும். சின்னம் சிறியது என்பதால் அதன் ஓரத்தில் ஒரு பிக்சல் பிசகினாலும் கோட்டின் சாய்வே மாறிவிடும். சரியான வழி, சின்னத்தை விட்டுவிட்டுப் பலகையை எடுத்துக்கொள்வது. பலகை உண்மையில் 24 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2400க்கு 1200 பிக்சலில் ஒரு தட்டையான கோப்பைத் திறந்து, அதில் புதிய சின்னத்தைப் பலகையில் எங்கே எந்த அளவில் வர வேண்டுமோ அங்கே அந்த அளவில் வைக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பு முழுவதையும் Smart Object ஆக்கிப் படத்துக்குள் கொண்டுவந்து, Distort கட்டளையால் அதன் நான்கு மூலைகளையும் பலகையின் நான்கு மூலைகளோடு சேர்க்க வேண்டும். சின்னம் தானாகவே தன் இடத்தில் விழும். பக்கத்திலேயே இருக்கும் Skew இதற்கு உதவாது. அதில் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் எதிரெதிர்க் கோடுகள் இணையாகவே இருக்கும், படத்திலோ அவை தொலைவில் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. பலகையின் மூலைகள் வளைந்திருந்தால் நேரான விளிம்புகளை நீட்டி அவை சந்திக்கும் புள்ளியை மூலையாகக் கொள்ள வேண்டும்.

இந்தப் பிசகு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். படத்தில் பலகையின் அருகு விளிம்பு 600 பிக்சல் உயரம், தொலை விளிம்பு 500 பிக்சல் உயரம், இரண்டுக்கும் இடையே 825 பிக்சல். சின்னம் பலகையின் நடுவில் இருக்க வேண்டும். 825இல் பாதி என்று 412ஆம் பிக்சலில் வைத்தால் தவறு. மூலைவிட்டங்கள் இரண்டையும் இழுத்தால் அவை அருகு விளிம்பிலிருந்து 450ஆம் பிக்சலில் வெட்டிக்கொள்ளும். அதுதான் பலகையின் உண்மையான நடு. அருகுப் பாதிக்கு 450 பிக்சலும் தொலைப் பாதிக்கு 375 பிக்சலும் கிடைக்கின்றன. 412இல் வைத்த சின்னம் உண்மைப் பலகையில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அருகு விளிம்பை நோக்கி நகர்ந்ததாகிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும். மூலைவிட்டத்தை இழுத்துச் சோதிக்கும் இந்த வழி கணினிக்கு வெகுகாலம் முந்தியது. 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதிய இத்தாலியரான ஆல்பெர்ட்டி, தரைக் கட்டங்களைச் சரியாக வரைந்திருக்கிறோமா என்று அறிய இதையே சொல்லியிருக்கிறார்.

வடிவத்தை இன்றைய கருவி இவ்வளவு சுலபமாக்கிவிட்டது. வெளிச்சத்தில் அவ்வளவு சுலபம் வரவில்லை. அன்று வெற்றுப் பலகையை அதே விளக்குகளின் கீழ் நிறுத்தி எடுத்ததால் பளபளப்பும் நிழலும் சின்னத்தோடு சேர்ந்தே வந்தன. இன்று சின்னம் ஒளியே படாத கோப்பாக வருகிறது. அதன் கறுப்பு முழுக் கறுப்பு, அதன் வெள்ளை முழு வெள்ளை, அதன் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் கூர்மை. புகைப்படத்தில் எதுவுமே அப்படி இருப்பதில்லை.

இதற்கு நம்பக்கூடிய சாட்சி, நாம் அழிக்கப்போகும் அந்தப் பழைய சின்னம்தான். அழிக்கும் முன் அதை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மை கறுப்பு அந்த வெளிச்சத்தில் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது, 0க்குப் பதில் 40 என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்தின் ஓரம் கறுப்பிலிருந்து பலகையின் நிறத்துக்கு மாற எத்தனை பிக்சல் எடுத்துக்கொள்கிறது, இரண்டா மூன்றா என்றும் எண்ண வேண்டும். தொலை விளிம்புப் பக்கம் அந்த மென்மை கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய சின்னத்துக்கு அரை பிக்சலோ ஒரு பிக்சலோ மங்கல் கொடுத்து, படத்தில் இருக்கும் துகளையும் அளவாகச் சேர்த்தால் அது மற்றவற்றோடு ஒன்றும்.

பழையதை அழிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பலகை ஒரே நிறமாகத் தெரிந்தாலும் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் மெல்ல மாறிக்கொண்டே போகும். பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து அப்பினால் அது திட்டாகத் தெரியும். அன்று ஏர்பிரஷ் இதை அழகாகச் செய்தது. ஒரே வீச்சில் நிறம் அடர்த்தியிலிருந்து மெலிவுக்கு நழுவும், கை பழகியிருந்தால் எல்லையே தெரியாது. இன்று சின்னத்தைச் சுற்றியுள்ள சுத்தமான இடங்களில் நிறத்தை அளந்து, அவற்றுக்கிடையே சாய்வு நிறம் நிரப்பி, மேலே துகள் தூவுகிறோம். துகள் தூவாவிட்டால் அச்சில் பட்டை பட்டையாக விழும்.

சுத்தம் செய்த பலகையின் மேல் கறுப்பு எழுத்தை Multiply முறையில் வைத்தால் கீழுள்ள நிழல் எழுத்திலும் இறங்கும். வெள்ளை எழுத்தை அப்படி வைத்தால் மறைந்துபோகும். அதைச் சாதாரணமாகவே வைத்துப் பலகையின் அந்த இடத்து வெளிச்சத்துக்கு ஏற்பக் கொஞ்சம் மங்கவைக்க வேண்டும். பலகையில் விழும் விளக்கின் பளபளப்பு ஸ்டிக்கரின் மேலும் தொடர வேண்டும் என்பதால், சுத்தம் செய்த பலகையிலிருந்து அந்தப் பளபளப்பை மட்டும் பிரித்துச் சின்னத்துக்கு மேல் Screen முறையில் போடுவது நல்லது. கடைசியாகப் பார்க்க வேண்டியது கீழே. பளிங்கு மேசையில் இயந்திரத்தின் பிரதிபலிப்பு விழுந்திருந்தால் அங்கே பழைய சின்னம் தலைகீழாக இன்னும் இருக்கும். அச்சாகி வெளிவந்த விலைப்பட்டியல்களிலேயே இப்படிப் பார்த்திருக்கிறேன்.

அன்றைய முறையில் இருந்த ஒரு பெரிய வசதியை நாம் இழந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். படத்தைத் திருத்துபவரின் மேசைக்கு அந்தப் பலகையே வந்தது. அளவுநாடாவை வைத்து அகலத்தைப் பார்க்கலாம், சின்னம் அச்சிட்டதா, ஒட்டியதா, புடைத்து நிற்பதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். இன்று அவருக்கு வருவது படமும் லோகோவும் மட்டும். பலகையின் உண்மை அளவு என்ன என்று கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் படம் அச்சுக்குப் போய்விடுகிறது. புடைத்து நிற்கும் சின்னத்துக்குக் கீழே மெல்லிய நிழல் விழ வேண்டும் என்பது தெரியாமல் தட்டையாக ஒட்டிய படங்கள் இப்படித்தான் உண்டாகின்றன.

கிடைத்ததும் சிறியதல்ல. தட்டையான அந்த ஒரு கோப்பில் சின்னத்தை மாற்றிச் சேமித்தால் படத்திலும் அது அதே சாய்வில், அதே நிழலில் மாறிவிடுகிறது. எத்தனை முறை மாற்றினாலும் படத்தின் ஒரு சாம்பல்கூடக் குறைவதில்லை. முன்பு விலைப்பட்டியலின் முக்கியமான சில படங்களுக்கு மட்டும் கட்டுப்படியான வேலை இன்று எல்லாப் படங்களுக்கும் நடக்கிறது.

அதனாலேயே பழைய படங்கள் மறைகின்றன. அன்று மூல நெகட்டிவ் உறைக்குள் பத்திரமாக இருந்தது, மாறியதெல்லாம் அதன் அச்சுகள்தாம். இன்று லேயர்கள் கொண்ட கோப்பு திருத்தியவரின் கணினியோடு போய்விடுகிறது, நிறுவனத்திடம் மிஞ்சுவது தட்டையாக்கி அனுப்பிய கடைசிப் படம் மட்டும், அதுவும் பழையதன் பெயரிலேயே அதன் மேல் சேமிக்கப்பட்டுவிடுகிறது. பழுது பார்ப்பவர்கள் ஒரு கிரைண்டர் எந்தக் காலத்தது, அதற்கு எந்த பெல்ட் பொருந்தும் என்பதை முன்பலகையின் சின்னத்தைப் பார்த்தே ஊகிப்பார்கள். நிறுவனத்தின் படத்தை எடுத்து ஒப்பிடப் போனால், இருபது வருடத்துக்கு முந்தைய பாத்திரமும் மோட்டார் உறையும் கொண்ட இயந்திரம் போன வருடம் வரைந்த சின்னத்தோடு நிற்கிறது. அப்படி ஒரு கிரைண்டர் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவந்ததில்லை.